ஞாயிறு முதியோர் இல்லம்: டிவியில் என்ன விளையாடலாம்?

கணேசன்: ஞாயிறு காலை பத்தரைக்கு இல்லத்தில் நமக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஹாலில் 43 இன்ச் டிவி இருக்கிறது. 12 பேர் வருவார்கள், நாலு பேருக்கு மறதி உண்டு. எல்லாரும் சேர்ந்து ஆட என்ன வைக்கலாம்?

பிரபு: கஹூட் வைக்கலாம் சார். கேள்வி டிவியில் வரும், அவரவர் போனில் பதிலுக்கான நிறத்தைத் தொட வேண்டியதுதான். எங்கள் ஆபீஸில் அதுதான்.

ரேவதி: எல்லாரும் ஒரே திரையைப் பார்ப்பது சரி பிரபு. ஆனால் டிவியில் படித்துவிட்டு, குனிந்து போனில் அதே நிறத்தைத் தேட வேண்டும். தூரக் கண்ணாடி, கிட்டக் கண்ணாடி என்று மாற்றுவதற்குள் நேரம் போய்விடும்.

பிரபு: நேரத்தைக் கூட்டி வைக்கலாமே அக்கா?

ரேவதி: வைக்கலாம். ஆனாலும் கடைசியில் யார் முதலிடம் என்று பட்டியல் வரும். மறதி இருப்பவருக்கு அது பரீட்சை மாதிரி. நான் வேலை பார்க்கும் இடத்தில் படம் திறக்கிற ஆட்டம்தான் நன்றாகப் போகிறது. ஒரு போட்டோவை 12 கட்டத்தால் மூடி எண் போட்டுவிடுவோம். ஒருவர் எண் சொன்னால் அந்தக் கட்டத்தை மவுஸால் தொட்டு மறைப்போம். என்ன படம் என்று தெரியாதவருக்கும் எண் சொல்லத் தெரியும், அதனால் யாரும் விட்டுப்போவதில்லை.

மும்தாஜ்: எங்கம்மா டேப்லெட்டில் பல்லாங்குழி ஆடுவார், அதைக் கொண்டு வரட்டுமா? பின்னணி வெள்ளையாக இருந்தால் மட்டும் கண் கூசுகிறது என்பார். கண்புரை இருக்கிறது.

ரேவதி: டேப்லெட் ஒருவர் ஆடத்தான் சரிப்படும் அக்கா. ஆனால் கூசுகிறது என்றீர்களே, அது நமக்கு வேண்டிய விஷயம். கட்டம் கருநீலம், எண் வெள்ளையில், திரையில் ஒரு விரல் உயரத்துக்கு. ஜன்னல் வெளிச்சம் டிவியில் விழுந்தால் திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும்.

கணேசன்: என்ன படம் வைப்பது?

ரேவதி: கையால் புழங்கிய பொருள். போன மாதம் அம்மி வைத்தோம். முதல் கட்டத்தில் வெறும் தரை. மூன்றாவதில் குழவியின் முனை தெரிந்ததும் ஒரு தாத்தா “ஆட்டுக்கல்” என்றார். தப்பு என்று சொல்லாமல், “கல்லுதான் தாத்தா, இன்னொன்று திறப்போமா?” என்றேன். அடுத்த கட்டத்தில் பக்கத்துப் பாட்டி “அம்மி” என்றார். படம் முழுதாகத் திறந்ததும் அடுத்ததுக்கு ஓடவில்லை. மசாலா அரைத்த கதை, அம்மி கொத்த வருகிறவர் கதை என்று பத்து நிமிடம் போனது. 40 நிமிடத்துக்கு நாலைந்து படம் தாராளம்.

பிரபு: பவர்பாயிண்டில் நானே செய்துவிடுகிறேன். போனிலிருந்து வயர் இல்லாமல் டிவிக்கு அனுப்பலாம்.

ரேவதி: வேண்டாம், படம் பின்தங்கி வரும். எண் சொல்லியும் கட்டம் மறையாவிட்டால், தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துவிடுவார்கள். லேப்டாப், HDMI வயர். இன்னொன்று, மவுஸ் கட்டத்துக்கு வெளியே பட்டால் அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிடும். Transitions-இல் On Mouse Click-ஐ எடுத்துவிடு.

சுந்தரம்: சிங்கப்பூரில் என் அத்தை இருக்கும் இல்லத்தில் வீ என்ற வீடியோ கேம் கருவியில் பௌலிங் ஆடுகிறார்கள். ரிமோட்டைக் கையில் பிடித்து வீசினால் டிவியில் பந்து உருளும். அதை விட்டுவிட்டு படம் பார்க்கவா போகிறோம்?

ரேவதி: நல்ல ஆட்டம் அண்ணா, கைக்கும் வேலை. நாற்காலியில் உட்கார்ந்தே, பட்டையை மணிக்கட்டில் மாட்டி ஆட வேண்டும். வீசும்போது சரியான நேரத்தில் பொத்தானை விட வேண்டும், கை நடுங்குகிறவருக்கு அதுதான் சிரமம். ஒருவர் ஆட, 11 பேர் காத்திருக்க வேண்டியும் வரும்.

சுந்தரம்: காத்திருக்கிறவர்கள் கைதட்டுவார்கள் அம்மா. அத்தை வாரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேசுவார். எனக்கு இன்னும் அதுதான் சரியென்று படுகிறது.

கணேசன்: இந்த வாரம் படம். பௌலிங் கருவி கிடைத்தால் அப்புறம் பேசுவோம். காது கேட்காதவர்களுக்கு மைக் வாங்கவா?

ரேவதி: 12 பேருக்கு வேண்டாம் சார். டிவி பக்கத்தில் நின்று, முகம் தெரிய, நிதானமாகப் பேசினால் போதும். கத்தக் கூடாது. வயதானால் கீச்சென்ற ஒலிதான் முதலில் கேட்காமல் போகும், கத்தும்போது குரல் அந்தப் பக்கம்தான் ஏறும். பின்னணிப் பாட்டு வேண்டவே வேண்டாம். நாற்காலியை அரைவட்டமாகப் போடுங்கள், காது மந்தமானவர் நடுவில்.

மும்தாஜ்: யாராவது சலித்துப்போனால் எப்படித் தெரியும்?

ரேவதி: கண் திரையை விட்டு விலகும், புடவை நுனியைத் திருகுவார்கள். அப்போது அவரிடம் பெயர் சொல்லி எண் கேளுங்கள். அப்படியும் எழுந்து போனால் விட்டுவிடுங்கள். மறதி அதிகமானவர்களைத் தனியாக உட்கார வைப்பதா, கலந்து வைப்பதா என்று எங்கள் இடத்திலேயே இன்னும் பேச்சு ஓடுகிறது.

கணேசன்: நாம் கலந்தே வைப்போம். பிரபு, சனிக்கிழமை சாயங்காலம் வயரோடு போய் அந்த டிவியில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடு.

பிரபு: சரி சார். முதல் படம் உரல், அடுத்தது அரிக்கேன் விளக்கு. இன்னும் மூன்று சொல்லுங்கள்.

மும்தாஜ்: முறம். கூஜா.

சுந்தரம்: மாட்டு வண்டி.