இண்டக்ஷனில் வைக்கலாம் என்று போட்டு விற்ற கடாய் திரும்பி வருகிறது, விவரத்தில் என்ன எழுதணும்?

பாத்திரக்கடை மலர் (கிருஷ்ணகிரி)
வணக்கம். எங்களுடையது சின்ன பாத்திரக் கடை. ஆறு மாதமாக ஆன்லைனிலும் விற்கிறோம். அனோடைஸ் செய்த அலுமினியக் கடாய் ஒன்றுதான் அதிகம் போகிறது, அதுதான் அதிகம் திரும்பியும் வருகிறது. நான் போட்டிருக்கிற விவரம் இவ்வளவுதான்: "24 செ.மீ. கடாய், 2.5 லிட்டர், கேஸ், இண்டக்ஷன் இரண்டிலும் வைக்கலாம்."

போன வாரம் மூன்று ரிட்டர்ன். அடுப்பு கத்திவிட்டு அணைந்துவிடுகிறது என்கிறார் ஒருவர். சூடாகிறது, ஆனால் ரொம்ப நேரம் ஆகிறது என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் 2.5 லிட்டரை நம்பி ஒன்பது பேருக்குக் குழம்பு வைத்து, கொதி வந்ததும் அடுப்பெல்லாம் வழிந்துவிட்டதாம். என் வீட்டு அடுப்பில் அதே கடாய் வேலை செய்கிறது. பொய் சொல்லி விற்கிறேன் என்று ஒருவர் எழுதியிருப்பது மனதை அறுக்கிறது. தப்பு கடாயிலா, நான் எழுதியதிலா?

அரூர் வேலு
காந்தம் வைத்துப் பாருங்கக்கா. அடியில் ஒட்டினால் இண்டக்ஷனில் ஓடும், ஒட்டாவிட்டால் ஓடாது. ஒட்டுகிறது என்றால் அவர்கள் அடுப்பில்தான் கோளாறு. ரிட்டர்னே எடுக்காதீங்க.

பாத்திரக்கடை மலர்
நன்றாகவே ஒட்டுகிறது தம்பி. அதனால்தான் குழம்புகிறேன்.

ஓசூர் பிரஸ் ஷாப்
வேலு சொல்வது பாதி சரி. ஒட்டாவிட்டால் ஓடாது, அது உண்மை. ஒட்டினால் போதும் என்பது உண்மையில்லை. ஒரு ரூபாய் அளவுக்கு இரும்புத் தகடு இருந்தாலும் காந்தம் பிடித்துக்கொள்ளும். அடுப்புக்கு அது போதாது.

பதினைந்து வருடம் பாத்திர அடி அழுத்துகிற பிரஸ்ஸில் வேலை பார்த்தேன். அலுமினியம் சாதாரண இண்டக்ஷன் அடுப்பில் தானாகச் சூடாகாது. அதனால் அடியில் காந்தம் பிடிக்கிற ஸ்டீல் தகடு ஒன்றை வைத்து அழுத்திவிடுவோம். நிறைய கடாய்களில் அது முழுத் தகடாக இருக்காது, சல்லடை போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஓட்டைகளுக்குள் அலுமினியம் பிதுங்கிப் பிடித்துக்கொள்ளும். அடுப்பு சூடாக்குவது அந்தத் தகட்டை மட்டும்தான், மீதி அடிக்கு அதிலிருந்துதான் சூடு பரவணும்.

மலரம்மா, கடாயைக் கவிழ்த்து வையுங்க. ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை அடியின் நடுவில் வைத்து மூன்று அளவு எடுங்க: மேல் வாய் எவ்வளவு, அடுப்பில் உட்காருகிற தட்டையான அடி எவ்வளவு, அதற்குள் ஓட்டைத் தகடு எவ்வளவு. ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்க. தெரிந்தால் அடி வளைந்திருக்கிறது.

பாலக்கோடு சுகந்தி
நானும் ஒன்று கேட்கணும். இண்டக்ஷனில் கேழ்வரகு களி கிண்ட எந்தப் பாத்திரம் நல்லது? கடாயில் கிண்டினால் வழுக்கிக்கொண்டு போகிறது.

பாத்திரக்கடை மலர்
அளந்துவிட்டேன் அண்ணா. வாய் 24. உட்காரும் அடி 13. ஓட்டைத் தகடு 11தான்! ஸ்கேல் அடியில் வெளிச்சம் இல்லை.

ஓசூர் பிரஸ் ஷாப்
அப்போ விஷயம் இதுதான். பல அடுப்புகளின் கையேட்டில் பாத்திர அடி குறைந்தது 12 செ.மீ. இருக்கணும் என்று போட்டிருக்கும். அந்த 12 காந்தம் பிடிக்கும் பகுதிக்கு. உங்கள் தகடு 11, அதிலும் ஓட்டை. சில அடுப்பு பாத்திரம் இருக்கிறது என்று ஏற்றுக்கொள்ளும், சில அடுப்பு ஒன்றுமே இல்லை என்று நினைத்துக் கத்திவிட்டு அணையும். உங்கள் வீட்டு அடுப்பு ஏற்றுக்கொள்ளும் ரகம். வாங்கினவர் அடுப்பிலும் கோளாறு இல்லை.

ஏற்றுக்கொண்டாலும் முழு சக்தி இழுக்காது. சோதித்துப் பாருங்க. அடி அகலமான, காந்தம் பிடிக்கிற ஸ்டீல் பாத்திரம் ஒன்றில் 1 லிட்டர் தண்ணீர், மூடி போட்டு, 1200 வாட்டில் வையுங்க. அறைச் சூட்டுத் தண்ணீர் கொதிக்க ஐந்து நிமிடத்துக்கு முன்னே பின்னே ஆகும். அப்புறம் அதே அளவு தண்ணீரைக் கடாயில் வைத்து நேரம் பாருங்க.

பாத்திரக்கடை மலர்
இரண்டையும் வைத்துப் பார்த்தேன். பாத்திரத்தில் ஐந்தே கால் நிமிடம். கடாயில் பத்து நிமிடம். பிறகு வெங்காயமும் போட்டுப் பார்த்தேன். நடுவில் வட்டமாகக் கருகியது, ஓரத்தில் வெள்ளையாகவே கிடந்தது. இதை நான் முன்னாலேயே பார்த்திருக்க வேண்டும்.

அரூர் வேலு
சரிங்கண்ணா, காந்தம் மட்டும் போதாதுதான். ஆனால் நான் வாங்கின குண்டானில் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அடி" என்று போட்டிருந்தது. முழு ஸ்டீல், ஓட்டையும் இல்லை. அதுவும் ஓடவில்லையே?

ஓசூர் பிரஸ் ஷாப்
எந்த ஸ்டீல் என்பதுதான் கேள்வி. 304 என்கிற ரகம் உள்பக்கம் சமையலுக்கு நல்லது, ஆனால் காந்தம் பிடிக்காது. ஆழமாக இழுத்து வளைத்த இடத்தில் லேசாகப் பிடிக்கும், அதை நம்பக்கூடாது. அடுப்பைத் தொடும் வெளிப்பக்கம் 430 போன்ற காந்த ரகமாக இருக்கணும். மூன்றடுக்குப் பாத்திரம் என்றால் பொதுவாக உள்ளே 304, நடுவில் அலுமினியம், வெளியே 430. அதனால் விவரத்தில் "ஸ்டீல்" என்று மட்டும் எழுதினால் வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. அடுப்பைத் தொடுவது எது என்று எழுதணும்.

சுகந்தி, உங்களுக்கு: பாத்திரம் நடுவை விட்டு நகர்ந்தால் அடுப்பு நின்றுவிடும், கண்ணாடி மேல் வைத்துக் களிக்கோலால் குத்துவதும் ஆபத்து. களிக்கு கேஸ்தான் என்பது என் கருத்து.

பாலக்கோடு சுகந்தி
எங்கள் நாத்தனார் இண்டக்ஷனில் வேக வைத்து, இறக்கித் தரையில் வைத்துக் கிண்டுகிறார். அப்படிச் செய்யலாமே?

பாத்திரக்கடை மலர்
அண்ணா, லிட்டர் விஷயம்? 2.5 என்று மொத்த வியாபாரி பில்லில் இருந்ததை அப்படியே போட்டேன்.

ஓசூர் பிரஸ் ஷாப்
கடைத் தராசே போதும். காலிக் கடாயை வைத்து சுழியாக்குங்க. விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடையைப் பாருங்க. ஒரு கிலோ தண்ணீர் ஒரு லிட்டர். அப்புறம் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை மட்டும் ஊற்றி இன்னொரு முறை. சமைக்கிறவருக்கு வேண்டியது இரண்டாவது எண்.

பாத்திரக்கடை மலர்
விளிம்பு வரை 2 கிலோ 240 கிராம். ஒரு விரல் விட்டு 1 கிலோ 550. வழியாமல் சமைக்க ஒன்றரை லிட்டர்தான். ஆளுக்கு கால் லிட்டர் குழம்பு என்றால் ஆறு பேருக்குத்தான் சரி. அவர் ஒன்பது பேருக்கு வைத்திருக்கிறார், பாவம். இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன், பாருங்க:

"மேல் வாய் 24 செ.மீ. அடுப்பில் உட்காரும் அடி 13 செ.மீ., அதில் காந்தம் பிடிக்கும் ஓட்டைத் தகடு 11 செ.மீ. கேஸ் அடுப்புக்கு ஏற்றது. இண்டக்ஷனில் சில அடுப்புகள் ஏற்காது, ஏற்றாலும் மெதுவாகச் சூடாகும். உங்கள் அடுப்புக் கையேட்டில் குறைந்தபட்ச அளவு 12 செ.மீ. என்றிருந்தால் இது வேண்டாம். உடல் அனோடைஸ் செய்த அலுமினியம். விளிம்பு வரை 2.2 லிட்டர், சமைக்க 1.5 லிட்டர்."

ஓசூர் பிரஸ் ஷாப்
நன்றாக இருக்கிறது. கவிழ்த்து வைத்து அடியில் ஸ்கேலோடு ஒரு போட்டோவும் போடுங்க. அடுத்த லாட் வரும்போது மறுபடி அளங்க. அதே பெயர், அதே பெட்டியில் தகடு மாறி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அரூர் வேலு
இப்படி எழுதினால் யார் வாங்குவாங்கக்கா? "இண்டக்ஷன்" என்ற வார்த்தையையே எடுத்துவிடலாமே.

பாத்திரக்கடை மலர்
எடுத்துவிட்டால் தெரியாமல் வாங்கி வைத்துப் பார்ப்பார்கள் தம்பி, அதே சண்டைதான் வரும். இருக்கட்டும். மூன்று பேருக்கும் பணத்தைத் திருப்பிவிட்டேன். மொத்த வியாபாரியிடம் 14 செ.மீ. முழுத் தகடு போட்ட கடாய் கேட்டிருக்கிறேன், விலை இன்னும் சொல்லவில்லை. யாரிடமாவது அந்த மாதிரி கடாய் இருந்தால் 1 லிட்டர் தண்ணீர் வைத்து நேரம் பார்த்துச் சொல்லுங்க.