கலைச்சொல் வேண்டும்: நெடுந்தொடரை உடைத்தபின் அடுத்த தொடரின் தலையில் வரும் இணைப்பு

கலா:

அன்பர்களே, மாவட்டச் சுகாதார அறிக்கையின் டெங்கு அத்தியாயத்தை ஐந்து பேர் பிரித்துக்கொண்டு திருத்துகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சிக்கல் நீளமான தொடர்கள். ஒன்றை அப்படியே தருகிறேன், சரியாக 60 சொல்:

"குடிநீர் விநியோகம் ஒழுங்கற்று இருக்கும் பகுதிகளில் தொட்டிகளிலும் டிரம்களிலும் பல நாள் தண்ணீரைச் சேமித்து வைப்பதால், முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளும் ஏடிஸ் கொசு அவற்றில் பெருகுவதற்கு வாய்ப்பு ஏற்படுவதையும், புகை அடிப்பது பறக்கும் கொசுக்களை மட்டுமே கொல்வதால் பாத்திரங்களின் உட்சுவரில் ஒட்டியுள்ள முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து தண்ணீர் பட்டதும் பொரிப்பதையும் கருத்தில் கொண்டு, விநியோகம் சீராகும் வரை வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் காலிசெய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவதும், காலிசெய்ய இயலாத தொட்டிகளில் மட்டும் புழுக்கொல்லி இடுவதும் இன்றியமையாதவை."

இதை உடைக்கும்போது "வைப்பதால்" என்பதில் உள்ள "ஆல்" போய்விடுகிறது. அது சுமந்த காரண உறவை அடுத்த தொடரின் தொடக்கத்தில் "ஆகவே" என்றோ, "இப்படிச் சேமித்த தண்ணீரில்" என்றோ திரும்ப வைக்க வேண்டியிருக்கிறது. அப்படித் திரும்ப வைக்கும் பகுதிக்கு ஒரு பெயர் வேண்டும். ஐவரும் பயன்படுத்தும் திருத்தத் தாளில் ஒரு செங்குத்துப் பத்திக்குத் தலைப்பு அது. பெயர் இல்லாததால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் குறித்து வைக்கிறோம்.

பாஸ்கர்:

பெயரைவிட விதிதான் தேவை, கலா. 15 சொல்லுக்கு மேல் போனால் வெட்டு, ஒரு தொடருக்கு ஒரு வினைமுற்று, அவ்வளவுதான். வெட்டிக் காட்டுகிறேன்:

"குடிநீர் விநியோகம் ஒழுங்காக இல்லை. மக்கள் தண்ணீரைச் சேமிக்கிறார்கள். அதில் ஏடிஸ் பெருகுகிறது. இது 7 முதல் 10 நாளில் வளரும். புகை பறக்கும் கொசுக்களையே கொல்லும். முட்டைகள் மாதக்கணக்கில் தாங்கும். வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். புழுக்கொல்லியும் இட வேண்டும்."

படிக்க எளிது. இதற்கு "தொடர் நறுக்கு" என்று பெயர் வைக்கலாம்.

முத்தையா:

கலா கேட்பது நறுக்குவதற்கான பெயர் அல்ல, தம்பி. நறுக்கிய இடத்தைக் கூட்டுவதற்கான பெயர். அது புதிதாக ஆக்க வேண்டியதும் அல்ல. தொல்காப்பியர் செய்யுளியலில் உறுப்புகளை எண்ணும்போது "மாட்டு" என்று ஒன்றைச் சொல்கிறார். பொருள் அகன்று கிடந்தாலும் அணுகிக் கிடந்தாலும் கொண்டுவந்து கூட்டி முடிப்பது மாட்டு. மாட்டுதல் என்றால் கொக்கியில் மாட்டுவது போல ஒன்றை ஒன்றோடு சேர்த்தல்.

கலிப்பாவில் இன்னும் நெருங்கிய உறவு உண்டு. தாழிசை முடிந்து சுரிதகம் தொடங்கும் முன் "ஆங்கு", "எனவாங்கு" என்று ஒரு தனிச்சொல் நிற்கும். மேலே சொன்னதையெல்லாம் ஒரு கையில் ஏந்திக் கீழே கொடுக்கும் சொல் அது. "ஆகவே" செய்கிற வேலையும் அதுவே. எனவே மாட்டு அல்லது தனிச்சொல், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். தண்டியலங்காரம் பல பாட்டு ஒரே வினைகொண்டு முடிவதைக் குளகம் என்கிறது. உங்கள் 60 சொல் தொடர் உரைநடைக் குளகம். குளகத்தைத் தனித்தனியே முடியும் முத்தகங்களாக்குவதே நீங்கள் செய்யும் பணி. குளகம் என்ற சொல்லின் வேர் பற்றி ஒரு கருத்து உண்டு, பிறகு எழுதுகிறேன்.

கலா:

பாஸ்கர், நீங்கள் வெட்டியதில் எது காணாமல் போனது என்று பாருங்கள். "விநியோகம் சீராகும் வரை" போய்விட்டது. "காலிசெய்ய இயலாத தொட்டிகளில் மட்டும்" போய்விட்டது. இப்போது படிக்கும் பணியாளர், கழுவிக் கவிழ்க்கக்கூடிய குடத்திலும் புழுக்கொல்லி போடலாம் என்று எடுத்துக்கொள்வார். "வாரம் ஒருமுறை" ஏன் என்பதும் தெரியவில்லை, 7 நாள் கணக்கு மூன்று தொடர் தள்ளி நிற்கிறது. தொடர்கள் குட்டையாயின, அறிவுரை மாறிப்போயிற்று.

முத்தையா ஐயா, மாட்டு பொருத்தமாக இருக்கிறது. ஆனால் தாளில் "மாட்டுச் சொல்" என்று பார்த்தால் கால்நடைத் துறை என்றல்லவா நினைப்பார்கள்?

சிவகுமாரன்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் கொசுவை நுளம்பு என்போம், அதன் புழுவைக் குடம்பி என்போம். ஆகையால் உங்கள் "புழுக்கொல்லி" இங்கே பூச்சி மருந்தா, குடற்புழு மருந்தா என்று மயங்க வைக்கும். "குடம்பிக்கொல்லி" என்றால் ஐயமே இராது. இது கேள்விக்குப் புறம்பு என்று தெரியும், ஆனாலும் அறிக்கையில் திருத்தக்கூடிய இடம்.

பெயருக்கு வருகிறேன். யாரும் "கண்ணி" என்று சொல்லிவிட வேண்டாம். சங்கிலியின் கண்ணி என்ற பொருள் அழகுதான், எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கண்ணிவெடி. கொளுவுதல் என்று நாங்கள் இன்றும் பேசுகிறோம்: சட்டையைக் கொளுவு, கதவைக் கொளுவு. "கொளுவி" என்று வைத்தால் மாட்டின் பொருளும் வரும், மாடும் வராது.

முத்தையா:

கொளு என்பதற்குப் புறப்பொருள் வெண்பாமாலையில் வேறு பொருள் உண்டு, துறையை விளக்கும் சிறு பாட்டு. அதனால் கொளுவி குழப்பும். மாடு என்ற அச்சம் தேவையில்லை. "மாட்டு" தனித்து நிற்கும்போது பெயர், "மாட்டு வண்டி" என்பதில் அது வேற்றுமைத் திரிபு. பத்தித் தலைப்பில் தனித்துத்தானே நிற்கப் போகிறது?

மேரி:

பத்தாம் வகுப்பில் தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம் என்று மூன்று வகை நடத்துகிறோமே, கேள்வி அதைப் பற்றியதா? அப்படியானால் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. கலவையைத் தனியாக மாற்றுக என்று தேர்வில் கேட்பார்கள். "ஆகவே", "ஆனால்" எல்லாம் இணைப்புச்சொற்கள். பிள்ளைகளுக்குப் புரிந்த சொல்லை விட்டுவிட்டு ஏன் சிரமப்பட வேண்டும்?

நசீர்:

பொது சுகாதாரத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பெயருக்கு முன்னால் அந்தத் தொடரையே ஒருமுறை பிரித்துப் பாருங்கள், அதில் உண்மையிலேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. "புகை அடிப்பது பறக்கும் கொசுக்களை மட்டுமே கொல்வதால் … முட்டைகள் காய்ந்தாலும் தாக்குப்பிடித்து" என்று இருக்கிறது. புகையின் குறைபாட்டால் முட்டைக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் வருகிறதா? இல்லை. ஏடிஸ் முட்டை இயல்பிலேயே வறட்சியைத் தாங்கும். புகை அதைத் தொடுவதில்லை என்பது வேறு செய்தி. நீளமான தொடரில் "ஆல்" எந்த வினையோடு போய்ச் சேர்கிறது என்று கண் கவனிக்காது. உடைத்து, தலையில் "ஆகவே" வைத்துப் படித்தால் உடனே இடிக்கும்.

இரண்டாவது, மூலத்தில் இரண்டு காரணங்களும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு, இரண்டு அறிவுரைகளுக்கும் பொதுவாக நிற்கின்றன. உண்மையில் ஒவ்வொரு காரணத்துக்கும் தனி வேலை உண்டு. 7 நாள் கணக்கு "வாரம் ஒருமுறை" என்பதற்குக் காரணம். சுவரில் ஒட்டும் முட்டை "தேய்த்துக் கழுவு" என்பதற்குக் காரணம். வெறுமனே கொட்டிவிட்டு நிரப்பினால் முட்டை சுவரிலேயே இருக்கும்.

நான் செய்யும் முறை இது. உடைப்பதற்கு முன்பே பென்சிலால் எல்லா உறவு உருபுகளையும் வட்டமிடுவேன்: ஆல், வரை, மட்டும், பட்டதும், காய்ந்தாலும். அவற்றில் காரணம் காட்டுபவற்றைத் தனித் தொடராக்கலாம். வரம்பு காட்டும் "வரை", "மட்டும்" இரண்டையும் அறிவுரையிலிருந்து ஒருபோதும் பிரிக்கக் கூடாது. பிரித்த பிறகு வட்டங்களை எண்ணிப் பார்ப்பேன். ஒவ்வொன்றும் எங்காவது திரும்ப வந்திருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே நீக்கியதாக இருக்க வேண்டும்.

"குடிநீர் விநியோகம் ஒழுங்கற்ற பகுதிகளில் தொட்டிகளிலும் டிரம்களிலும் பல நாள் தண்ணீரைச் சேமித்து வைக்கிறார்கள். இப்படிச் சேமித்த தண்ணீரில் ஏடிஸ் கொசு பெருகுகிறது; முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே விநியோகம் சீராகும் வரை வாரம் ஒருமுறை பாத்திரங்களைக் காலிசெய்ய வேண்டும். காலிசெய்தால் மட்டும் போதாது. முட்டைகள் உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அந்த முட்டைகளை அகற்ற உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். காலிசெய்ய இயலாத தொட்டிகளில் மட்டும் புழுக்கொல்லி இட வேண்டும். புகை அடிப்பது இவற்றுக்கு மாற்றாகாது. அது பறக்கும் கொசுக்களை மட்டுமே கொல்லும்."

பத்துத் தொடர். மொத்தச் சொற்கள் குறையவில்லை, குறைய வேண்டியதும் இல்லை.

பாஸ்கர்:

வரம்புச் சொற்களை நான் விட்டது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நசீர் அண்ணா, "இப்படிச் சேமித்த தண்ணீரில்" என்று இழுப்பதற்குப் பதில் "இதனால்" போதாதா? எல்லோருக்கும் தெரிந்த சொல்.

நசீர்:

ஒரே ஒரு காரணம் முன்னால் இருந்தால் போதும். இங்கே "இதனால் ஏடிஸ் பெருகுகிறது" என்றால் "இது" எது? விநியோகம் ஒழுங்கற்றிருப்பதா, சேமிப்பதா? சேமிப்பு என்று படித்தவர் மூடி போடச் சொல்வார், விநியோகம் என்று படித்தவர் குழாயைச் சரிசெய்யச் சொல்வார். அதனால் முந்தைய தொடரின் பெயர்ச்சொல் ஒன்றை ஏந்தி வர வேண்டும். மேரி டீச்சர் சொன்ன "இணைப்புச்சொல்" எனக்குப் போதாமல் படுவதும் இதனால்தான். "ஆகவே" ஒரு சொல். "இப்படிச் சேமித்த தண்ணீரில்" ஒரு சொல் அல்ல, அதற்குள் பெயரே இருக்கிறது.

முத்தையா:

அதையே நானும் சொல்கிறேன். மாட்டு ஒரு சொல்லாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. முல்லைப்பாட்டு உரையில் நச்சினார்க்கினியர் தொலைவில் கிடந்த அடிகளையெல்லாம் கொண்டுவந்து கூட்டினார். அது அளவுக்கு மீறிப் போனது என்று மறைமலையடிகள் மறுத்துத் தாமே உரை எழுதினார். அதிலிருந்தும் நமக்கு ஒன்று கிடைக்கிறது: மாட்டு அடுத்த தொடரிலேயே இருக்க வேண்டும், நான்கு தொடர் தள்ளிப் போகக் கூடாது.

சிவகுமாரன்:

"தொடுப்பு" என்று ஒருவர் எனக்குத் தனியஞ்சலில் எழுதினார். தமிழ்நாட்டுப் பேச்சில் அதற்கு வேறு பொருள் என்று இன்னொருவர் தடுத்துவிட்டார். கொளுவியை நான் திரும்பப் பெறவில்லை.

கலா:

எல்லோருக்கும் நன்றி. ஐவரும் பேசினோம். நாளை தாள் போக வேண்டும் என்பதால் பத்தித் தலைப்பு "இணைப்புத்தொடர்". மூவர் சம்மதம், ஒருவர் மாட்டு, ஒருவருக்கு எதுவானாலும் சரி. நசீர் சொன்ன வட்டங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி சேர்த்திருக்கிறோம், "பிரிக்கக் கூடாத வரம்பு" என்று. புழுக்கொல்லியை அப்படியே விட்டுவிட்டேன். இங்கே பணியாளர்கள் அபேட் என்றுதான் சொல்கிறார்கள், குடம்பி என்றால் நின்று கேட்பார்கள்.

முத்தையா:

"இணைப்புத்தொடர்" என்றால் இணைக்கும் தொடரா, இணைக்கப்பட்ட தொடரா? உங்கள் தாளில் இரண்டாவது தொடருக்கே அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொள்ளும். என் வாக்கு மாட்டுக்கே. குளகத்தின் வேர் பற்றி நாளை எழுதுகிறேன்.