கண்டாங்கியும் ஆத்தங்குடிக் கல்லும் ஒரே சாம்பலாகின்றன: கறுப்பு வெள்ளை மாற்றத்தில் உதவி தேவை

வளவுக்காட்சி (கேள்வி)

கானாடுகாத்தானில் உள்ள எங்கள் வீட்டு வளவில், அப்பத்தா தரையில் அமர்ந்து பழைய கதைகளைச் சொல்வதை 4K-இல் படமெடுத்திருக்கிறேன். கேமரா 8 பிட் மட்டுமே தரும் சாதாரண மிரர்லெஸ். அரக்குச் சிவப்புக் கண்டாங்கி, பச்சை ஆத்தங்குடிக் கல், பின்னால் தேக்குத் தூண், முற்றத்து வெயில் விழும் வெள்ளைச் சுவர் என வண்ணத்தில் எல்லாம் நன்றாகத் தெரிகின்றன. டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் சாச்சுரேஷனைப் பூஜ்ஜியமாக்கியதும் சேலையும் தரையும் ஒன்றோடொன்று கலந்து, அப்பத்தா தரையிலிருந்து முளைத்தவர் போலத் தெரிகிறார். கான்ட்ராஸ்டைக் கூட்டினால் கண்குழிகள் கறுத்துவிடுகின்றன, சுவரும் வெளுத்துவிடுகிறது. இணையத்திலிருந்து எடுத்துச் சேர்த்த கிரெய்ன், லென்ஸில் ஒட்டிய தூசியைப் போல மேலே மிதக்கிறது. எங்கே சரிசெய்ய வேண்டும்?

தேவகோட்டை கல்யாண வீடியோ

சாச்சுரேஷனைக் குறைப்பது கறுப்பு வெள்ளை ஆகாது, தம்பி. அந்தக் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார்கள். RGB Mixer-இல் Monochrome என்பதைத் தேர்ந்தெடுத்து, சிவப்பை முழுவதும் ஏற்றி மற்ற இரண்டையும் இறக்கிவிடுங்கள். வானம் கறுத்து, முகம் பளிச்சென்று வரும்.

கோட்டையூர் எடிட்டர்

மேலே சொன்ன இடம் சரிதான், ஆனால் சிவப்பு என்ற தேர்வு இந்தக் காட்சிக்குப் பொருந்தாது. உங்கள் படத்தில் கறுக்க வேண்டிய வானம் இல்லை. பிரிய வேண்டியவை சேலை, தரை, முகம் ஆகிய மூன்றுதான்.

சாச்சுரேஷனைக் குறைக்கும்போது மென்பொருள் ஏறத்தாழ சிவப்பில் 21, பச்சையில் 72, நீலத்தில் 7 விழுக்காடு எடுத்துக் கூட்டுகிறது. நீங்கள் சொல்லும் நிறங்களை உத்தேசமாக வைத்துப் பாருங்கள். சேலை 140, 45, 40 என்றும் தரை 45, 70, 60 என்றும் இருந்தால், கூட்டிய விடை சேலைக்கு 65, தரைக்கு 64. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எதிரெதிர் நிறங்களாக இருந்தும் வெளிச்ச அளவு ஒன்றாக இருப்பதால், அதற்குப் பிறகு எந்தக் கர்வை எப்படி வளைத்தாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே பிரிக்கும் வேலை நிறம் கையில் இருக்கும்போதே, மிக்சரில் நடந்தாக வேண்டும்.

சிவப்பை 0.6, பச்சையை 0.3, நீலத்தை 0.1 என வைத்தால் சேலை 101, தரை 54 எனப் பிரிவது உண்மைதான். ஆனால் 170, 120, 95 போன்ற ஒரு முகம் அதே கலவையில் 147-க்கு ஏறி, வெளுத்த சேலைக்கு அருகில் வந்துவிடுகிறது. சிவப்பை முழுதாக ஏற்றினால் நெற்றிக் குங்குமம்கூடத் தோலோடு கரைந்துவிடும். மாறாகச் சிவப்பு 0, பச்சை 0.9, நீலம் 0.1 என வைத்துப் பாருங்கள். முகம் 117, தரை 69, சேலை 44 என மூன்றும் மூன்று படிகளாக நிற்கும். குங்குமம் கரும்புள்ளியாகத் தெளியும். தோலின் சுருக்கங்களும் கூடுதலாகத் தெரியும். எண்பது வயது முகத்துக்கு அதுவே அழகு என்பது என் எண்ணம்; மணப்பெண்ணுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பச்சையைச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. உங்களுடையது போன்ற 8 பிட் கேமராக்கள் பெரும்பாலும் நிறத் தகவலை வெளிச்சத் தகவலின் கால்பங்கு அடர்த்தியில்தான் பதிவு செய்கின்றன. வெளிச்சத் தகவலில் பச்சையின் பங்கே மிகுதி என்பதால் அந்தச் சேனல் கூர்மையாக இருக்கும். சிவப்பையோ நீலத்தையோ மிகுதியாக இழுத்தால் சேலைக் கரையோரம் கட்டம் கட்டமாக உடையும். இருநூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

வளவுக்காட்சி

நன்றி, ஐயா. சேலையும் தரையும் பிரிந்துவிட்டன. நான் எதிர்பாராத ஒன்று, சுவரில் வெயில் விழுந்த இடத்தில் சுண்ணாம்புப் பூச்சின் தடம் கொஞ்சம் திரும்பிவிட்டது. ஆனால் கான்ட்ராஸ்ட் கூட்டும்போது முகம் இன்னும் இருள்கிறது.

கோட்டையூர் எடிட்டர்

மாலை வெயில் மஞ்சளாக இருந்திருக்கும். அதனால் சுவரில் சிவப்புச் சேனல் மட்டும் 255-இல் முட்டி, பச்சை முட்டாமல் தப்பியிருக்கிறது. மூன்றும் முட்டியிருந்தால் கர்வை இறக்கினாலும் விவரம் வராது. வெள்ளை அழுக்குச் சாம்பலாகும், அவ்வளவே.

முகம் இருள்வதற்குக் காரணம், கான்ட்ராஸ்ட் குமிழ் நடுப்புள்ளிக்குக் கீழே உள்ளவற்றை எல்லாம் கீழே தள்ளுவதுதான். முகம் 117-இல், அந்த நடுப்புள்ளியை ஒட்டியே இருக்கிறது. அதன் நிழல் பகுதிகளும் கண்குழியும் அதற்குக் கீழே. குமிழைத் தொடாமல் அடுத்த நோடில் கர்வைத் திறந்து, முகத்தின் அளவில் முதல் புள்ளியை வைத்து 130 வரை உயர்த்துங்கள். சேலையின் அளவில் இரண்டாம் புள்ளியை வைத்து 38-க்கு இறக்குங்கள். மேல் முனையைச் சற்று வளைத்துச் சாய்த்தால் சுவர் மெதுவாக வெண்மைக்குப் போகும். கீழ் முனை முழுக் கறுப்பைத் தொடட்டும். இப்போது பலர் கறுப்பைத் தூக்கிப் புகைபடிந்தாற்போல் வைத்து அதைப் பழைய தோற்றம் என்கிறார்கள். மங்கிப்போன பிரதிதான் அப்படி இருக்கும்.

தேவகோட்டை கல்யாண வீடியோ

ஒப்புக்கொள்கிறேன், நான் வெளிப்புறப் பாடல் காட்சிகளை நினைத்துச் சொன்னேன். என்னிடமும் ஒரு சிக்கல் உண்டு. நான் சேர்க்கும் கிரெய்ன் எடிட்டிங்கில் நன்றாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மணல் அள்ளிப் பூசியது போல் ஆகிவிடுகிறது.

பள்ளத்தூர்

அது கோப்பு சுருங்குவதால் வருவது. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும் புள்ளிகளைக் குறைந்த பிட்ரேட்டில் காப்பாற்ற முடியாது. வாட்ஸ்அப்புக்குக் கிரெய்ன் இல்லாத தனிப் பிரதி எடுப்பதே நல்லது.

கேள்வி கேட்டவருக்கு: ரிசால்வின் ஃபிலிம் கிரெய்ன் வசதி கட்டணப் பதிப்பில்தான் உண்டு. நீங்களே ஒரு கிரெய்ன் கிளிப் செய்துகொள்ளலாம்.

```
ffmpeg -f lavfi -i color=c=gray:s=1920x1080:r=25:d=20 \
 -vf "noise=c0s=40:c0f=t,gblur=sigma=0.7" \
 -c:v libx264 -crf 8 grain.mp4
```

இதை 4K டைம்லைனில் பெரிதாக்கி, மேல் டிராக்கில் Overlay முறையில் வைத்து, ஒளிபுகும் அளவை 25 விழுக்காட்டிலிருந்து தொடங்கிப் பாருங்கள். நடுச் சாம்பல் எதையும் மாற்றாது. அதிலிருந்து விலகும் புள்ளிகளே முகத்திலும் தரையிலும் தெரியும். முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் சுத்தமாக நிற்கும். உங்கள் பழைய கிளிப் தூசியாக மிதந்ததற்குக் காரணம், அது கறுப்பின் மேலும் அதே அளவில் ஏறியதாக இருக்கலாம். 4K-இல் ஒரு பிக்சல் அளவுப் புள்ளி கிரெய்னாகத் தெரியாது, கேமரா இரைச்சலாகத்தான் தெரியும். அதனால்தான் 1080-இல் செய்து பெரிதாக்கச் சொல்கிறேன்.

கோட்டையூர் எடிட்டர்

மேல் டிராக்கில் வைத்தால் கிரெய்ன் கர்வுக்குப் பிறகுதான் ஏறும். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபிலிமில் கிரெய்ன் நெகட்டிவிலேயே பிறந்து, பிரிண்ட் எடுக்கும்போது கான்ட்ராஸ்டோடு சேர்ந்து வளைகிறது. கர்வுக்கு முன்னால் சேர்த்தால்தான் அந்த ஒட்டுதல் வரும்.

பள்ளத்தூர்

கொள்கை சரி. ஆனால் அப்படிச் செய்தால், கர்வை மாற்றும் ஒவ்வொரு முறையும் கிரெய்னின் அளவும் மாறி, ஷாட்டுக்கு ஷாட் ஒத்துவராமல் போகும். ஒரே ஷாட் என்றால் உங்கள் வழி. நாற்பது ஷாட் என்றால் என் வழி.

வளவுக்காட்சி

முகத்தில் கர்வ் வைத்தது பலன் தந்தது, கிரெய்னும் படத்துக்குள் இறங்கிவிட்டது. இரண்டு வரிசையையும் ஒரு ஷாட்டில் செய்து பார்த்தேன். முகத்தில் வேறுபாடு தெரிகிறது, எது நல்லது என்று எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. பச்சைக் கலவையால் தேக்குத் தூண் மட்டும் நிழலோடு சேர்ந்து கறுத்துவிட்டது. சிவப்பை 0.1 ஏற்றினால் தூண் வருகிறது, ஆனால் சேலை தரையை நோக்கி மீண்டும் நகர்கிறது.

கோட்டையூர் எடிட்டர்

இரண்டும் ஒரே கலவையில் கிடைக்காது. சிவப்பு கூடிய கலவையை Layer Mixer வழியாக மேலடுக்காக ஒரு நோடில் வைத்து, தூணைச் சுற்றி மட்டும் ஓரம் மென்மையான ஒரு விண்டோ வரையுங்கள். அப்பத்தா கையை நீட்டித் தூணுக்குக் குறுக்கே கொண்டுபோகும் ஷாட்களில் விண்டோ கையையும் பிடிக்கும். அங்கே தூணைக் கறுக்கவிடுவதே மேல்.