புதுப்பிப்பு: விபிஎன் போட்டு எடுத்த சந்தா, ரீஜன் மாத்த முடியாம மாட்டினது

என் பழைய கேள்வி: "விபிஎன் போட்டு வேற நாட்டு கிஃப்ட் கார்டுல மலிவா சந்தா எடுத்தேன், இப்ப ஆப் ஸ்டோரை சொந்த நாட்டுக்கு மாத்த விடமாட்டேங்குது, என்ன பண்ண?"

மாறிடுச்சுங்க, எல்லாருக்கும் நன்றி. விபிஎன்னை அணைச்சா தானா சரியாகும்னு ஒருத்தர் சொன்னது உதவல, ஏன்னா ரீஜன் அக்கவுண்ட்லயே பதிஞ்சிருக்கு. சந்தாவும் பேலன்ஸும்தான் தடுக்குதுன்னு சொன்னவர் சொன்னதுதான் சரி. சந்தாவை கேன்சல் பண்ணேன், ஆனா உடனே விடல, கட்டின மாசம் முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு. அப்புறமும் அதே எரர், பாத்தா கிஃப்ட் கார்டுல கொஞ்சூண்டு சில்லறை மிச்சம், அதுல எதையும் வாங்கவும் முடியாது. சப்போர்ட்டுக்கு எழுதி அந்த பேலன்ஸை எடுத்துவிடச் சொன்னேன், காசு திரும்பி வராது, ஆனா அதுக்கப்புறம் மாத்த முடிஞ்சது.

எதிர்பாராதது ஒண்ணு: அங்க வாங்கின ஒரு ஆப் இங்க ஸ்டோர்லயே இல்ல, போன்ல இருக்கு, அப்டேட் வரல. மாத்தறதுக்கு முன்னாடி தேவையானதை டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க.

பேங்க் கார்டு பிளாக் ஆனதா சொன்ன நண்பரே, நான் கார்டே போடல, அதனால உங்க பிரச்சனைக்கு இது பதில் இல்ல.