பொருள்: ‘கரன்சி எக்ஸ்போஷர்’ – சுற்றுலா ஒப்பந்தத்தில் என்ன சொல்வது?

புதுச்சேரியிலிருந்து:

வணக்கம். பிரான்ஸிலிருந்து பயணிகளை அனுப்பும் நிறுவனத்துக்கும் இங்கே சுற்றிக்காட்டும் நடத்துநருக்கும் இடையிலான ஒப்பந்தம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். விலை யூரோவில் இருக்கிறது. கையெழுத்திடும் நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் இடையில் நான்கு மாதம். அதற்குள் யூரோ–ரூபாய் விகிதம் அசைந்தால் அது யார் தலையில் விழும் என்பதைத்தான் ‘கரன்சி எக்ஸ்போஷர்’ என்கிறார்கள். ‘வெளிப்பாடு’ என்று எழுதிப் பார்த்தேன்; கவிதை விமர்சனம் போல இருக்கிறது. ‘மாற்றுச்சுமை’ சரிவருமா?

காரைக்குடியிலிருந்து:

அம்மா, புதிதாக எதற்கு? நாணயம் மாற்றும்போது பிடிக்கிற கழிவைக் கடைவழக்கில் ‘வட்டம்’ என்போம். ‘வட்டச்சுமை’ என்று வையுங்கள். யூரோ ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, எல்லாம் வட்டத்துக்குள்தான்.

மதுரையிலிருந்து:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, ஆனால் பொருள் வேறு. வட்டம் மாற்றுகிற அன்றே தெரிந்துவிடும். எங்களைப் படுத்துவது இரண்டு நாட்களுக்கு இடையில் நடப்பது.

2022 மார்ச் இறுதியில் இருபது பேர் குழு ஒன்றுக்குத் தலைக்கு 900 யூரோ என்று ஒப்புக்கொண்டேன். யூரோ அன்று 84 ரூபாயை ஒட்டி இருந்தது. மொத்தம் 15,12,000 ரூபாய். மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை ஹோட்டல்களுக்கும் பஸ்ஸுக்கும் வழிகாட்டிக்கும் நான் கொடுக்க வேண்டியது 14,00,000. அது ரூபாயில், அசையாது. ஜூலை நடுவில் பணம் வந்தபோது யூரோ சுமார் 80. கைக்கு வந்தது 14,40,000. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் லாபம் நாற்பதாயிரமாகச் சுருங்கியது. வேடிக்கை என்னவென்றால், டாலர் 80 ரூபாயைத் தொட்டது என்று அந்த வாரம் நாளிதழ்கள் ரூபாயின் வீழ்ச்சியைத்தான் எழுதின. ரூபாயைவிட யூரோ வேகமாக விழுந்து டாலருக்குச் சமமாகிவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தது தப்பான நாணயத்தை.

கோயம்புத்தூரிலிருந்து:

எனக்கும் இதே அனுபவம். பாரிஸில் ஹோட்டல் பில்லை அட்டையில் கட்டினேன். ரூபாயில் கட்டுகிறீர்களா என்று இயந்திரம் கேட்டது, சரி என்று அழுத்திவிட்டேன். வங்கி விகிதத்தைவிடக் கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள். இதற்கு என்ன சொல்?

மதுரையிலிருந்து:

அண்ணா, அதுதான் காரைக்குடி ஐயாவின் வட்டம்!

யாழ்ப்பாணத்திலிருந்து:

‘சுமை’ என்றால் நட்டம் மட்டும்தான் தெரியும். இங்கே 2022 மார்ச்சில் டொலர் இருநூற்றுச் சொச்சம் ரூபாய். மே மாதத்தில் முந்நூற்று அறுபது. டொலரில் விலை பேசியிருந்த ஹோட்டல்காரருக்கு ரூபாய்க் கணக்கில் வரவு பெருகியது, எரிபொருளும் இறக்குமதிச் சாமானும் அதில் பெரும்பகுதியைத் தின்றாலும். இரு பக்கமும் அசையக்கூடியதற்கு ஒருபக்கச் சொல் வேண்டாம். தவிர, ‘மாற்று’ என்று தனியே நின்றால் மாற்றுவழி, மாற்றுத்திறனாளி என்றுதான் வாசிப்பார்கள். நாங்கள் ‘நாணயமாற்று வீதம்’ என்று முழுதாகச் சொல்வது அதனால்தான்.

புதுச்சேரியிலிருந்து:

அப்படியானால் ‘செலாவணித் தாங்கல்’? ஏற்றமோ இறக்கமோ, தாங்குகிறவர் யார் என்பது சொல்லிலேயே நிற்கிறது. ஒரு சந்தேகம்: வங்கியில் முன்பேர ஒப்பந்தம் போட்டுவிட்டால் தாங்கல் தீர்ந்துவிடுகிறதல்லவா?

மதுரையிலிருந்து:

தீராது, இடம் மாறும். ஜூலையில் 18,000 யூரோ தருகிறேன், இந்த விகிதத்தில் எடுத்துக்கொள் என்று வங்கியோடு பேசிவிடலாம். குழு இருபதிலிருந்து பன்னிரண்டாகச் சுருங்கினால் வருவது 10,800 யூரோதான். மீதி 7,200 யூரோவுக்கான ஒப்பந்தத்தை அன்றைய விகிதத்தில் முறிக்க வேண்டும். யூரோ ஏறியிருந்தால் வித்தியாசத்தை என் கையிலிருந்து கட்ட வேண்டும். அதனால் முன்பணம் வந்த தலைகளுக்கு மட்டும் முன்பேரம் போடுகிறேன்.

ஒப்பந்தம் ரூபாயில் இருந்தால் தாங்கல் பிரெஞ்சு நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் அதைப் பயணியிடம் தள்ளலாம். ஆனால் 2015ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, விலை ஏறலாம் என்று பயணியுடனான விற்பனை ஒப்பந்தத்தில் முன்பே எழுதியிருக்க வேண்டும், ஏற்றத்தைப் பயணத்துக்கு இருபது நாளுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். விலையேற்றம் 8 விழுக்காட்டைத் தாண்டினால் பயணி அபராதமின்றி விலகிக்கொள்ளலாம். எனவே ரூபாயில் எழுத அவர்கள் லேசில் இசைவதில்லை.

காரைக்குடியிலிருந்து:

தாங்கல் என்றால் எங்கள் பக்கம் மனத்தாங்கல்தான் முதலில் நினைவுக்கு வரும். ஒருவேளை அதுவும் பொருத்தமோ என்னவோ.

புதுச்சேரியிலிருந்து:

வரைவில் இப்படி எழுதியிருக்கிறேன்: “விகிதம் 3 விழுக்காடுவரை அசைந்தால் செலாவணித் தாங்கல் நடத்துநருடையது, அதற்கு மேற்பட்ட அசைவு இரு தரப்புக்கும் சரிபாதி.”

யாழ்ப்பாணத்திலிருந்து:

எந்த நாளின் விகிதத்திலிருந்து 3 விழுக்காடு? எந்த வங்கியின் விகிதம்? அதை எழுதாவிட்டால் சொல் எதுவாக இருந்தாலும் சண்டை வரும்.