போன் ஸ்கேனில் ஒரே சுவர் இரண்டாக விழுகிறது, அகலம் 2 செ.மீ. குறைகிறது. என்ன செய்யலாம்?

மாடிப்படி: ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீட்டு மாடி அறை. ஐபோன் லைடாரில் சுற்றி வந்து ஸ்கேன் எடுத்து `CloudCompare`-ல் திறந்திருக்கிறேன். டேப்பில் அகலம் 4.62 மீ. இரண்டு சுவருக்கும் `Tools > Fit > Plane` போட்டு இடைவெளி பார்த்தால் 4.60. நீளம் மட்டும் சரியாக வருகிறது. அலமாரி அடிக்கும் தச்சர் இந்த மாடலைத்தான் கேட்கிறார். ஓரத்தில் 2 செ.மீ. இடுக்கு விழுந்தால் வீட்டம்மா விடமாட்டார்.

குமார்_பட்டர்வொர்த்: நாய்ஸ்தான் பாஸ். `SOR filter` ஓட்டுங்க. அப்புறம் 4.62-ஐ 4.60-ஆல் வகுத்து அந்த அளவுக்குப் பெரிசாக்கிடுங்க.

மாடிப்படி: ஓட்டினேன். காற்றில் மிதந்த புள்ளிகள் போய்விட்டன, சுவர் அப்படியே இருக்கிறது.

சர்வே அண்ணன்: அந்த ஃபில்டர் அக்கம்பக்கம் ஆளில்லாத புள்ளியைத்தான் தூக்கும். உங்கள் இரண்டாவது சுவரும் அடர்த்தியானது, அதன் கண்ணுக்கு அது நல்ல சுவர். பெரிசாக்கவும் வேண்டாம் தம்பி, சரியாக இருக்கும் நீளம் கெட்டுவிடும். தரையிலிருந்து 1.2 மீட்டரில் 5 செ.மீ. கனத்துக்கு ஒரு துண்டு வெட்டி மேலிருந்து பாருங்கள். பஞ்சு மாதிரி ஒரே பட்டை என்றால் நாய்ஸ். நடுவில் வெற்றிடம் விட்டு இரண்டு கோடு என்றால், சுற்றி வருவதற்குள் போன் தன் இடத்தைத் தவறவிட்டிருக்கிறது.

மாடிப்படி: சன்னல் சுவரில் இரண்டு கோடு, இடைவெளி 4 செ.மீ. அங்கிருந்துதான் ஆரம்பித்தேன், அங்கேயேதான் முடித்தேன். பிளேனிலிருந்து புள்ளிகள் விலகும் RMS 19 மி.மீ.

சர்வே அண்ணன்: கணக்கு சரியாக விழுகிறதே! பிளேன் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அதுதான் உங்கள் 2 செ.மீ. ஒரு கோட்டை வெட்டி எறியுங்கள். எதை என்று டேப்தான் சொல்லும்.

செல்வி: என் அறையில் கண்ணாடி பீரோவுக்குப் பின்னால் இன்னொரு அறையே முளைத்தது! அதுவும் இதேதானா?

சர்வே அண்ணன்: இல்லைம்மா, அது கண்ணாடியின் பிம்பம். துணி போட்டு மூடிவிட்டு எடுங்கள்.

மாடிப்படி: உள்பக்கக் கோட்டை எடுத்தேன். அகலம் 4.62, RMS 7 மி.மீ. இன்னும் குறையுமா?

சர்வே அண்ணன்: பழைய சுண்ணாம்புப் பூச்சு, வயிறு தள்ளித்தான் நிற்கும். அதை நேராக்கினால் தச்சரை ஏமாற்றுகிறோம். அடி, நடு, தலை மூன்றிலும் துண்டு வெட்டி, குறுகலான அகலத்தைக் கொடுங்கள். இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பில் பார்த்தீர்களா?

மாடிப்படி: இப்போதுதான் பார்த்தேன். ஒன்று ஒத்துப்போகிறது, மற்றது ஸ்கேனில் 3 செ.மீ. கூட.

குமார்_பட்டர்வொர்த்: பழைய வீடு பாஸ், மூலை கோணலாத்தான் இருக்கும்.

சர்வே அண்ணன்: கோணல் என்றால் டேப்பிலும் அதே கோணல் வர வேண்டுமே. வேறொரு மூலையிலும் போன் நழுவியிருக்கிறது. நான் என்றால் அறை நடுவில் நின்று, ஒரே மெதுவான சுற்றில், ஆரம்பித்த சுவரைத் திரும்பத் தொடாமல் மறுபடி எடுப்பேன்.

மாடிப்படி: சாமான் எல்லாம் திரும்பி வந்துவிட்டது அண்ணே. ஞாயிற்றுக்கிழமை கட்டிலை நகர்த்த முடிகிறதா பார்க்கிறேன்.