புதுப்பிப்பு: அந்த 5,544 ரூபாய் பில்

"ஆறு பேர் சாப்பிட்ட பில் இது. சமமா பிரிக்கலாமா, அவங்கவங்க சாப்பிட்டதுக்கா? சர்வீஸ் சார்ஜ் கட்டியே ஆகணுமா?" என்று இங்கே கேட்டிருந்தேன்.

சர்வீஸ் சார்ஜே சட்டவிரோதம் என்றவர் பாதி சரி. விரும்பினால் கொடுக்கலாம், தானாக பில்லில் சேர்க்கத்தான் கூடாது என்று 2022 மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதலைக் காட்டினார் ஒரு அக்கா. அதைச் சொல்லி மேனேஜரிடம் கேட்டேன், எடுத்துவிட்டார்.

உணவு 4,800, சர்வீஸ் சார்ஜ் 480, இரண்டுக்கும் சேர்த்து 5% ஜிஎஸ்டி போட்டிருந்தார்கள், அதனால் 480 போனதும் வரியிலும் 24 குறைந்து 5,040 ஆனது. அப்புறம் அவரவர் சாப்பிட்டதை 1.05-ஆல் பெருக்கினோம். 500-க்குச் சாப்பிட்ட தோழிக்கு 525தான், சமமாகப் பிரித்திருந்தால் பாவம், 840.

டிப்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: அது வேறு, பரிமாறிய தம்பி கையில் 200 கொடுத்தோம்.

நடுவில் வைத்த கோபி 65-ஐத் தொடாதவரும் பங்கு தரணுமா என்பது இன்னும் வாட்ஸ்அப்பில் ஓடுகிறது.